ஓட்டல் தரும் அழைப்புக் கடிதம்: யார் யாரை எதற்கு அழைக்கிறார்?

கோயம்புத்தூர் அவினாசி சாலையில் நடுத்தர ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு மாதம் ஓரிரண்டு முறையாவது வந்துவிடும் மின்னஞ்சல் இது. “நான் வியாபாரமாக உங்கள் ஊருக்கு வருகிறேன். அறை பதிவு செய்திருக்கிறேன். விசாவுக்கு ஓர் அழைப்புக் கடிதம் அனுப்புங்கள்.” அனுப்பியவர் நைரோபியிலோ கெய்ரோவிலோ அடிஸ் அபாபாவிலோ இருப்பார். பம்ப் செட் வாங்கவோ, நூற்பாலை எந்திரத்துக்கு விலை பேசவோ வருகிறவர். ரிசர்வேஷனில் உட்கார்ந்திருக்கும் பையன் பழைய கோப்பில் கிடக்கும் ஏதோ ஒரு மாதிரியை எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி, சீல் வைத்து அனுப்பிவிடுவான். அந்த மாதிரியில் பெரும்பாலும் இப்படி எழுதியிருக்கும்: “மேற்படியாரை எங்கள் ஓட்டலுக்கு அன்புடன் அழைக்கிறோம். அவருடைய தங்கும் காலம் முழுவதற்கும் நாங்களே பொறுப்பு. அவர் குறித்த நாளில் நாடு திரும்புவார் என்று உறுதி அளிக்கிறோம்.”

இந்த மூன்று வாக்கியங்களில் ஒன்றைக்கூட எழுதும் தகுதி அந்த ஓட்டலுக்கு இல்லை. அவரை அழைத்தது ஓட்டல் அல்ல, பம்ப் கம்பெனி. அவர் ஊரில் எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார் என்பது ஓட்டலுக்குத் தெரியாது. அவர் திரும்பிப் போவாரா என்பது நிச்சயமாகத் தெரியாது. ஓட்டலுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இன்ன பாஸ்போர்ட் எண்ணுள்ள இன்னார், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை எங்களிடம் அறை எடுத்திருக்கிறார், இவ்வளவு அட்வான்ஸ் கட்டியிருக்கிறார். ஓட்டல் எழுதவேண்டிய கடிதம் அவ்வளவுதான். விசா அதிகாரிக்கும் ஓட்டலிடமிருந்து வேண்டியது அதுவே.

இந்தியாவுக்கு பிசினஸ் விசா கேட்கும் ஒருவரிடம் தூதரகம் எதிர்பார்க்கும் அழைப்பு, அவரோடு வியாபாரம் செய்யும் இந்திய நிறுவனத்திலிருந்து வரவேண்டியது. எங்கள் நிறுவனம் இன்னது, அவருடைய நிறுவனம் இன்னது, இரண்டுக்கும் நடுவே நடக்கும் வியாபாரம் இது, எந்த ஊர்களுக்கு வருகிறார், எத்தனை நாள், செலவு யாருடையது என்றெல்லாம் அந்த நிறுவனம் தன் லெட்டர்ஹெட்டில் சொல்லும். அவருடைய சொந்த நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு கடிதம் தரும். ஓட்டலின் கடிதம் இவற்றுக்குப் பக்கத்தில் வைக்கும் துணைக் காகிதம்; ‘இந்தியாவில் எங்கே தங்குவீர்கள்’ என்ற ஒரே கேள்விக்குப் பதில்.

பின் ஏன் எல்லாரும் ஓட்டலிடம் ‘அழைப்பு’ கேட்கிறார்கள்? ஒரு காரணம், வேறு நாடுகளில் கண்ட பழக்கம். ரஷ்யாவுக்குச் சுற்றுலா விசா எடுக்கப்போனால், ஓட்டலோ பயண நிறுவனமோ தரும் உறுதிச் சீட்டு கட்டாயம். அங்கே அதைப் பேச்சுவழக்கில் அழைப்பு என்றே சொல்வார்கள். நாலு நாட்டுக்குப் போய்வந்த வியாபாரிக்கு எல்லா இடத்திலும் ஓட்டல்காரர்தான் அழைக்கவேண்டும் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. ரஷ்யாவிலும் அது சுற்றுலாவுக்குத்தான். வியாபாரத்துக்குப் போகிறவருக்கு அங்குள்ள ஒரு நிறுவனத்தின் அழைப்பு தனியே வேண்டும். எனவே விருந்தினர் ‘அழைப்பு’ என்று கேட்டால் கோபித்துக்கொள்ளவோ திருத்தவோ வேண்டாம். கேட்டதைக் கொடுப்பதாகச் சொல்லி, கொடுக்கவேண்டியதைக் கொடுத்தால் போதும். கூடவே ஒரு வரி: “உங்களை அழைக்கும் நிறுவனத்தின் கடிதத்தையும் தனியே பெற்றுக்கொள்ளுங்கள்; எங்கள் கடிதம் அதற்கு மாற்றாகாது.”

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்க்கலாம். எத்தியோப்பியாவில் விவசாயப் பம்ப் இறக்குமதி செய்யும் ஒருவர். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் உற்பத்தியாளரிடம் கொள்முதல் பேச வருகிறார். 2026 மார்ச் 9 அன்று செக்-இன், 14 அன்று செக்-அவுட். அதற்குப் பிறகு குஜராத்தின் ராஜ்கோட்டுக்கும் போகிறார். அங்கேயும் பம்ப் தொழில் உண்டு, விலையை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டுமல்லவா? விசாவுக்கு அடிஸ் அபாபாவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பிக்கிறார்.

முதல் சிக்கல் பெயர். எத்தியோப்பியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று அடுக்கிக்கொண்டு போவார்கள். இனிஷியலோடு வெளிநாட்டுப் படிவம் நிரப்பிய எந்தத் தமிழருக்கும் இந்த அவதி புதிதல்ல. ஒரு பேச்சுக்கு அவர் பெயர் டெஸ்ஃபாயே பெக்கெலே வோல்டே என்று வைத்துக்கொள்வோம். ஓட்டல் புக்கிங் தளத்தில் ‘கடைசிப் பெயர்’ கேட்ட இடத்தில் பெக்கெலே என்று போட்டிருப்பார். மின்னஞ்சலில் டெஸ்ஃபாயே பி. என்று கையெழுத்திட்டிருப்பார். பம்ப் கம்பெனிக்காரர்கள் அவரை மிஸ்டர் டெஸ்ஃபாயே என்று எழுதுவார்கள். மூன்று காகிதம், மூன்று பெயர். விசா அதிகாரிக்கு இவர்கள் மூவரும் ஒருவர்தானா என்ற சந்தேகம் வந்தால் அது அவர் குற்றமில்லை.

இதற்கு ஒரே வழி, பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்து எழுதுவது. அந்தப் பக்கத்தின் அடியில், எந்திரம் படிப்பதற்காக அச்சிட்ட இரண்டு வரிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 44 எழுத்திடங்கள். முதல் வரியில் நாட்டுக் குறிக்குப் பிறகு பெயர் வரும். குடும்பப் பெயர் என்று அந்த நாடு எதைப் பதிந்திருக்கிறதோ அது முதலில், பிறகு இரண்டு கோணக்குறிகள், பிறகு மற்றப் பெயர்கள். இரண்டாம் வரி பாஸ்போர்ட் எண்ணில் தொடங்கும். மேலே அலங்காரமாக அச்சிட்ட எழுத்துகளைவிட இந்த இரண்டு வரிகளை நம்பலாம். தட்டச்சு செய்பவர் இங்கே செய்யும் வழக்கமான பிழை, பூஜ்யத்தையும் ‘ஓ’ எழுத்தையும் மாற்றிப் போடுவது. ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்த்தால் ஒரு நிமிட வேலை.

அடுத்தது தேதி. மார்ச் 9 என்பதை நாம் நாள், மாதம் என்ற வரிசையில் எண்களாக எழுதுவோம். அமெரிக்க வழக்கத்தில் படிக்கிறவருக்கு அது செப்டம்பர் 3 ஆகிவிடும். எத்தியோப்பியர் விஷயத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. அவர்கள் ஊரில் புழங்கும் நாட்காட்டியே வேறு. பதின்மூன்று மாதங்கள், நம்முடைய 2026 மார்ச் அவர்களுக்கு 2018. பாஸ்போர்ட்டிலும் விமானச் சீட்டிலும் நாம் அறிந்த நாட்காட்டிதான் இருக்கும் என்றாலும், அவர் வாயால் சொன்ன தேதியையோ உள்ளூர்க் காகிதத்தில் கண்ட தேதியையோ எடுத்து எழுதாமல், விமானச் சீட்டைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. எழுதும்போது மாதத்தை எழுத்தால் எழுதவேண்டும். ‘9 மார்ச் 2026’ என்று எழுதினால் உலகத்தில் யாரும் தவறாகப் படிக்க முடியாது.

9-ஆம் தேதி வந்து 14-ஆம் தேதி போனால் ஐந்து இரவு. ‘ஆறு நாள்’ என்று எழுதிவிட்டு ரசீதில் ஐந்து இரவுக்கு வாடகை காட்டினால் கணக்கு உதைக்கும். ஓட்டலுக்கு இரவுதான் கணக்கு; கடிதத்திலும் அதையே எழுதலாம். செக்-இன் தேதி, செக்-அவுட் தேதி, இரவுகளின் எண்ணிக்கை மூன்றும் ஒன்றையொன்று மெய்ப்பிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் விருந்தினரிடமிருந்து ஒரு வேண்டுகோள் வரும். அடிஸ் அபாபாவிலிருந்து மும்பைக்கு வந்து அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் கோவை வருகிறார். நடுவில் மும்பையில் ஒரு ராத்திரி தங்குவாராம். பின்னால் ராஜ்கோட்டில் நாலு நாள். “எல்லாவற்றையும் சேர்த்து 8-ஆம் தேதி முதல் 18-ஆம் தேதி வரை உங்கள் ஓட்டலிலேயே இருப்பதாக எழுதிக் கொடுங்கள், ஒரே கடிதமாக முடிந்துவிடும்” என்பார். தந்திரம் எதுவும் இல்லாமல், வேலை சுலபமாகட்டும் என்றே கேட்பார். ஆனால் எழுதக்கூடாது. பம்ப் கம்பெனியின் கடிதத்தில் “9 முதல் 14 வரை கோவை, பிறகு ராஜ்கோட்” என்று இருக்கும். ஓட்டல் கடிதத்தில் 18 வரை கோவை என்று இருக்கும். இரண்டு உண்மைக் காகிதங்கள் சேர்ந்து ஒரு பொய்யைப் போலத் தோன்றும். உங்கள் ஐந்து இரவுகளை மட்டும் எழுதிக் கொடுத்து, மும்பை, ராஜ்கோட் ஓட்டல்களில் தனித்தனியாக உறுதிச் சீட்டு வாங்கிக்கொள்ளச் சொல்வதுதான் அவருக்குச் செய்யும் உதவி. தேதிகளுக்கிடையே இடைவெளி இருப்பதைப் பயணத்திட்டம் விளக்கிவிடும். முரண்பாடு இருந்தால் எதுவும் விளக்காது.

எழுதுவதற்கு முன் பம்ப் கம்பெனிக்கு ஒரு போன் போட்டு, அவர்கள் கடிதத்தில் என்ன தேதி, நிறுவனத்தின் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளும் ஓட்டல்களும் உண்டு. ஐந்து நிமிடத்தில் முடிகிற இந்த வேலை இரண்டு பயன் தரும். காகிதங்கள் ஒத்துப்போகும்; அப்படி ஒரு விருந்தினர் நிஜமாகவே அவர்களிடம் வருகிறாரா என்பதும் தெரிந்துவிடும்.

இனி வாசகம். கடிதம் ஆங்கிலத்தில் போகவேண்டியது. பொருள் விளங்குவதற்காக இங்கே தமிழில் தருகிறேன். ஓட்டலின் லெட்டர்ஹெட்டில் முகவரி, லேண்ட்லைன் எண், ஓட்டலின் சொந்தப் பெயரில் உள்ள மின்னஞ்சல், ஜிஎஸ்டி எண் அச்சிட்டிருக்கும் என்று கொள்க. அதற்குக் கீழே கடித எண்ணும் தேதியும். பிறகு:

“விசா அலுவலர், இந்தியத் தூதரகம், அடிஸ் அபாபா.

பொருள்: அறை முன்பதிவு உறுதி. திரு. (பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயர்), எத்தியோப்பியக் குடிமகன், பாஸ்போர்ட் எண் (...).

ஐயா / அம்மையீர்,

மேற்கண்டவர் பெயரில் எங்கள் ஓட்டலில் ஒருவர் தங்கும் அறை ஒன்று, 9 மார்ச் 2026 முதல் 14 மார்ச் 2026 வரை, ஐந்து இரவுகளுக்குப் பதிவாகியுள்ளது என்று உறுதிப்படுத்துகிறோம். பதிவு எண் (...). முதல் இரவுக்கான வாடகை முன்பணமாகப் பெறப்பட்டது. மீதித் தொகையை விருந்தினரே செலுத்துவார்.

விருந்தினர் எங்களிடம் தெரிவித்தபடி, அவர் (அவருடைய நிறுவனத்தின் பெயர்), அடிஸ் அபாபா, சார்பில், கோயம்புத்தூரில் உள்ள (பம்ப் நிறுவனத்தின் பெயர்) நிறுவனத்துடன் வியாபாரப் பேச்சுக்காக வருகிறார். அந்நிறுவனத்தின் அழைப்புக் கடிதம் தனியே இணைக்கப்படும் என்றும் தெரிவித்துள்ளார்.

இக்கடிதம் தங்கும் இட ஏற்பாட்டை உறுதிப்படுத்துவதற்காக, விருந்தினரின் வேண்டுகோளின்பேரில் தரப்படுகிறது. முன்பதிவு ரத்தானால் இக்கடிதம் செல்லாது. விவரம் சரிபார்க்கக் கீழ்க்கண்டவரைத் தொடர்புகொள்ளலாம்.

(கையெழுத்து, பெயர், பதவி, நேரடித் தொலைபேசி, மின்னஞ்சல், ஓட்டல் முத்திரை)”

ஒரே பக்கம். இதற்கு மேல் நீட்டினால் படிப்பவருக்குச் சுமை.

இதில் கவனிக்கவேண்டியது வினைச்சொற்கள். ‘உறுதிப்படுத்துகிறோம்’ என்ற சொல் முன்பதிவுக்கு மட்டும் வருகிறது. அது ஓட்டலின் கணினியில் இருக்கிற விஷயம். வருகையின் நோக்கத்துக்கு வரும்போது ‘விருந்தினர் தெரிவித்தபடி’ என்று மாறிவிடுகிறது. ஓட்டல் நேரில் அறிந்தது எது, கேட்டு எழுதியது எது என்பதைக் கடிதமே பிரித்துக் காட்டுகிறது. பணத்திலும் அப்படியே. வாங்கியது எவ்வளவு, வாங்காதது யார் பொறுப்பு என்று பிரிந்திருக்கிறது. பம்ப் கம்பெனி அறை வாடகையைத் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தால், ‘விருந்தினரே’ என்ற இடத்தில் அந்தக் கம்பெனியின் பெயர் வரும். அப்போது அவர்கள் அனுப்பிய கடிதமோ மின்னஞ்சலோ கோப்பில் இருக்கவேண்டும்.

எழுதாமல் விட்டவையும் கணக்கில் சேரும். ‘ஸ்பான்சர்’ என்ற சொல் இல்லை. ‘கேரண்டி’ இல்லை. ‘தயவுசெய்து விசா வழங்குங்கள்’ என்ற சிபாரிசு இல்லை. “நல்லவர், எங்கள் நீண்டநாள் வாடிக்கையாளர்” என்ற நற்சான்றும் இல்லை. முதல் தடவை வருகிறவரை நீண்டநாள் வாடிக்கையாளர் என்று எழுதிய கடிதங்கள் இருக்கின்றன, பாஸ்போர்ட்டில் ஒரு இந்திய முத்திரைகூட இல்லாமல் அவை அசடு வழியும். நீச்சல் குளம், இலவச காலை உணவு பற்றிய விளம்பர வரிகள் அறவே வேண்டாம். மார்க்கெட்டிங் ஆட்கள் கையில் கடிதம் போனால் இவை எப்படியோ நுழைந்துவிடும்.

பெறுநர் பகுதியில் ஒரு சின்ன நுணுக்கம். எத்தியோப்பியாவில் இருப்பது ‘எம்பசி’. பக்கத்து நாடான கென்யாவிலோ, நைஜீரியாவிலோ, வங்கதேசத்திலோ அதற்கு ‘ஹை கமிஷன்’ என்று பெயர். காமன்வெல்த் நாடுகள் ஒன்றில் ஒன்று வைத்திருக்கும் தூதரகத்துக்கு அதுவே வழக்கு. மாற்றி எழுதினால் யாரும் விசாவை மறுக்கப்போவதில்லை. ஆனால் பழைய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியது வெட்டவெளிச்சமாகும்.

எம்பசிக்குப் போகாமல் இணையத்தில் இ-பிசினஸ் விசா எடுக்கத் தகுதியுள்ள நாட்டினர் என்றால் நடைமுறை வேறு. விண்ணப்பத்தில் இந்திய நிறுவனத்தின் பெயர், முகவரி கேட்கப்படும். பிசினஸ் கார்டு நகலை ஏற்றவேண்டும். காகிதங்கள் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். ஏற்றும் பிடிஎஃப் கோப்பு 10 கேபிக்குக் குறையாமலும் 300 கேபிக்கு மிகாமலும் இருக்கவேண்டும். லெட்டர்ஹெட்டை வண்ணத்தில் உயர்தரமாக ஸ்கேன் செய்து மூன்று எம்பி கோப்பாக அனுப்பினால், அந்த விருந்தினர் இரவு பன்னிரண்டு மணிக்குத் திரும்ப மெயில் போடுவார். சிறிய கோப்பாக்கி அனுப்புவதும் கடிதம் எழுதுவதில் ஒரு பகுதிதான்.

இப்போது கசப்பான பகுதி. கடிதம் மட்டும் வேண்டும், அறை வேண்டாம் என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்வார்கள். கடிதம் கைக்கு வந்த மறுநாள் ரத்து செய்வார்கள். அந்தக் கடிதத்தோடு விசா வாங்கியவர் பிறகு எங்கே போனார் என்று விசாரணை வந்தால், சீலும் கையெழுத்தும் ஓட்டலுடையவை. இவர்களை அடையாளம் காண்பது பெரிய துப்பறியும் வேலையல்ல. வியாபாரி முதலில் கேட்பது வாடகை, விமான நிலையத்திலிருந்து தூரம், பம்ப் கம்பெனி எவ்வளவு பக்கம், இணைய வசதி. கடிதத்துக்காக வருகிறவர் அறையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. கடிதத்தில் என்னென்ன சொற்கள் இருக்கவேண்டும் என்று மட்டும் விலாவாரியாகச் சொல்வார். தேதி எதுவானாலும் சரி, ஆனால் முப்பது நாளுக்குக் குறையக்கூடாது என்பார். ஒரு அறைக்கு நான்கு பேர் பெயர் தருவார். நால்வரும் வெவ்வேறு கம்பெனி. இந்தியாவில் யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால் பதில் வராது, அல்லது ஊர் பெயரோடு நிற்கும்.

இவற்றில் ஒன்று இருப்பதால் மட்டும் ஆளைத் தவறாக எண்ணிவிடக்கூடாது. சிலர் பாஷை தெரியாமல் அப்படி எழுதுவார்கள். அதனால் ஆளைப் பார்த்து முடிவெடுப்பதைவிட எல்லாருக்கும் ஒரே விதி வைப்பது கௌரவமான வழி. என் கணிப்பில் இரண்டு விதி போதும். ஒன்று, ஓர் இரவு வாடகையாவது அட்வான்ஸாக வந்த பிறகே கடிதம். விசா மறுக்கப்பட்டு அதன் நகலைக் காட்டினால் பணம் திருப்பித் தரப்படும். உண்மையான வியாபாரி இதற்குச் சுணங்கமாட்டார். இரண்டு, கடிதம் பாஸ்போர்ட் உள்ளவருக்கு மட்டும், ஒருவருக்கு ஒரு கடிதம். ‘மற்றும் குழுவினர்’ என்று எழுதிய கடிதத்தில் அந்தக் குழு எவ்வளவு வேண்டுமானாலும் பெருகலாம்.

பதிவு ரத்தானால் அந்தக் கடித எண்ணுக்கு நேரே நோட்டில் தேதியோடு குறித்துவைக்கவேண்டும். தூதரகத்திலிருந்து போன் வந்தால் இந்த நோட்டுதான் பேசும். அந்தப் போன் எப்போதும் வராது. வரும்போது ஃப்ரன்ட் ஆபீஸில் இருக்கும் யாரோ எடுப்பார்கள். நம் ஊருக்கும் அடிஸ் அபாபாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே பிற்பகல் நாலரை என்றால் இங்கே இரவு ஏழு. கடிதத்தில் கையெழுத்திட்ட மேனேஜர் வீட்டுக்குப் போயிருப்பார். “அப்படி ஒரு பெயரே இல்லையே சார்” என்று இரவுப் பணிக்கு வந்தவர் சொல்லிவிட்டால், அத்தனை கவனமாக எழுதிய கடிதம் அங்கேயே செத்துவிடும். பெயர் இல்லாமல் இல்லை. கணினியில் பெக்கெலே என்று தேடவேண்டியதை டெஸ்ஃபாயே என்று தேடியிருப்பார். கடித எண்ணையும் பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயரையும் முன்பதிவுக் குறிப்பில் ஏற்றிவைத்தால் இது நடக்காது.

கடிதத்தை அனுப்பும் மின்னஞ்சலில், கடிதத்துக்கு வெளியே, ஒன்றிரண்டு உபகாரமான வரிகளைச் சேர்க்கலாம். எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடு. அங்கிருந்து வருகிறவர் தடுப்பூசிச் சான்றிதழ் கையில் வைத்திருக்கவேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே அந்தச் சான்றிதழ் செல்லும். இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். ஐந்து இரவு வியாபாரப் பயணம் அப்போதே முடிந்தது. அதோடு, ஓட்டல் கடிதத்தின் அச்சுப் பிரதி ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். குடிவரவுப் பிரிவில் இந்தியாவில் தங்கும் முகவரியைக் கேட்பார்கள், ‘அவினாசி ரோடு’ என்பதை அவர் நினைவிலிருந்து எழுதத் தேவையில்லை.

ஓட்டலே உண்மையில் அழைப்பாளராக இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. சமையலறை எந்திரம் விற்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் ஆள் அளவெடுக்க வருகிறார். ஒரு வெளிநாட்டுச் சுற்றுலா நிறுவனம் தன் குழுக்களுக்கு அறை ஒப்பந்தம் பேச வருகிறது. அப்போது ஓட்டல் முதலாளியோ ஜெனரல் மேனேஜரோ ‘அழைக்கிறோம்’ என்று தாராளமாக எழுதலாம், எழுதவும் வேண்டும். இங்கே ஓட்டல் வியாபாரத்தின் ஒரு தரப்பு. எனவே ரிசர்வேஷன் கையெழுத்து போதாது. என்ன ஒப்பந்தம், எத்தனை நாள் கூட்டம், யார் யாரோடு, விமானச் செலவும் தங்கும் செலவும் யாருடையது என்பதையெல்லாம் சொல்லவேண்டும். அவர் இங்கே சம்பளத்துக்கு வேலை செய்யப்போவதில்லை என்ற தெளிவும் வேண்டும். பிசினஸ் விசா என்பது விலைபேச, வாங்க, விற்க, கூட்டத்தில் கலந்துகொள்ள, கண்காட்சிக்கு வர. முழுநேர வேலைக்கு அது ஆகாது. ஓட்டலில் வந்து நின்று சமைக்கப்போகும் வெளிநாட்டுச் சமையற்கலைஞருக்கு இந்தக் கடிதத்தை எழுதினால் தவறான விசாவுக்குத் துணைபோனதாகும். ஓட்டல் மண்டபத்தில் வேறொருவர் நடத்தும் மாநாட்டுக்கு வருகிறவர்களையும் ஓட்டல் அழைக்கக்கூடாது; மாநாட்டு விசா தனி வகை, அதற்கு மத்திய அரசின் அனுமதியை மாநாடு நடத்துகிறவர் வாங்கவேண்டும். ஓட்டல் அறைகளை மட்டும் உறுதிப்படுத்தலாம்.

நம் எத்தியோப்பிய விருந்தினர் 9-ஆம் தேதி வந்து சேர்கிறார். வெளிநாட்டவர் தங்க வந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு இணையத்தில் தெரிவிக்கவேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபிறகும் ஓட்டல்காரர்கள் வாயில் அது இன்னும் ‘சி ஃபார்ம்’தான். அதை நிரப்பும்போது பாஸ்போர்ட்டையும் விசாவையும் கையில் வாங்கி, முன்பு எழுதிய கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பாஸ்போர்ட் எண் அதேதானா? இடையில் புதுப்பித்திருக்கலாம். விசா பிசினஸ் விசாதானா? வியாபாரத்துக்கு என்று கடிதம் வாங்கிக்கொண்டு சுற்றுலா விசாவில் வந்திருந்தால், டியூட்டி மேனேஜர் அதை அவரிடம் அப்போதே சொல்லிவிடவேண்டும். பம்ப் கம்பெனிக்கும் தெரிந்திருப்பது நல்லது. படிவத்தில் பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் உள்ளதைத்தான் ஏற்றவேண்டும், கடிதத்தில் உள்ளதை அல்ல. ஏற்றியபின் கிடைக்கும் பதிவின் நகலைக் கடிதத்தின் நகலோடு சேர்த்து, அதே கடித எண்ணில் கோப்பில் வைத்துவிடலாம்.